நாவினால் பரவும் பூனை லுகேமியா

பூனை லுகேமியா வைரஸ் பெரும்பாலும் உமிழ்நீர் வழியாகவே ஒரு பூனையிலிருந்து இன்னொன்றுக்குச் செல்கிறது. 1964ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் வில்லியம் ஜாரெட்டும் அவருடைய குழுவினரும் இந்த வைரஸைக் கண்டறிந்தார்கள். பெயரில் இரத்தப் புற்றுநோய் இருந்தாலும், இந்த வைரஸ் பிடித்த பூனைகள் பல இரத்தசோகையாலோ, எதிர்ப்பாற்றல் குன்றியதால் தொற்றிக்கொள்ளும் பிற நோய்களாலோதான் துன்பப்படுகின்றன.

நோயுள்ள பூனை மற்றொரு பூனையின் தலையையும் கழுத்தையும் நக்கிச் சுத்தம் செய்யும்போது ரோமத்தில் படியும் எச்சில், அந்தப் பூனை தன்னைத்தானே நக்கிக்கொள்ளும்போது அதன் வாய்க்குள் போய்விடுகிறது. அங்கிருந்து வைரஸ் தொண்டையைச் சுற்றியுள்ள நிணத் திசுக்களில் பெருகி, வெள்ளணுக்களில் ஏறி எலும்பு மஜ்ஜையை அடைகிறது. மஜ்ஜையில் அது நிலைபெற்றுவிட்டால், சில வாரங்களில் உமிழ்நீர்ச் சுரப்பிகளும் வைரஸை வெளியேற்றத் தொடங்கும். கடி, பொதுவான உணவுத் தட்டு, தாய்ப்பால் ஆகியவையும் வழிகளே. கருவிலேயே தொற்றிப் பிறக்கும் குட்டிகளும் உண்டு. ஆனால் உடலுக்கு வெளியே, காய்ந்த தரையிலோ துணியிலோ, இது சில மணி நேரத்துக்கு மேல் தாங்காது. சோப்பு நீரே இதை அழித்துவிடும். ஆகவே பூனைகள் ஒன்றோடொன்று நெருங்கிப் பழகுவதுதான் அஞ்சவேண்டிய விஷயம். மனிதருக்கோ நாய்க்கோ இது தொற்றுவதில்லை.

தொற்றிய எல்லாப் பூனைகளுக்கும் ஒரே கதி நேர்வதில்லை. சிலவற்றின் உடல் வைரஸை முற்றாக வென்றுவிடுகிறது. வேறு சிலவற்றில் வைரஸின் மரபணு செல்களுக்குள் ஒளிந்திருக்கும், ஆனால் எச்சிலில் வராது. இவை சாதாரணமாகப் பிற பூனைகளுக்குப் பரப்புவதில்லை, எனினும் இரத்த தானத்துக்கு ஒருபோதும் பயன்படுத்தக்கூடாது, உடல் தளர்ந்தால் வைரஸ் மீண்டும் தலையெடுக்கவும் கூடும். மூன்றாவது வகையில் வைரஸ் இரத்தத்தில் இடைவிடாமல் ஓடிக்கொண்டே இருக்கும். குட்டிப் பருவத்தில் தொற்றியவை பெரும்பாலும் இந்த வகைக்கே போகின்றன. வளர்ந்த பூனைகளுக்கு இயல்பாகவே ஓரளவு எதிர்ப்பு உண்டு.

ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். ஐந்து வயதுப் பூனை உள்ள வீட்டுக்குப் பத்து வாரக் குட்டி ஒன்று வருகிறது. சில நாள்கள் இரண்டும் ஒன்றாக உறங்கியபின் எடுத்த இரத்தப் பரிசோதனையில் குட்டிக்குத் தொற்று இருப்பது தெரிகிறது. இந்தச் சோதனை தேடுவது வைரஸின் பி27 என்னும் புரதத்தை. ஆதலால் தாயிடமிருந்து வந்த எதிர்ப்புப் புரதங்கள் முடிவைக் குழப்பா. என்றாலும் ஒரே சோதனையை வைத்துத் தீர்ப்பெழுதுவது தவறு என்பதே என் உறுதியான கருத்து: சில வாரங்கள் கழித்துச் சோதனையைத் திரும்பச் செய்து, பி.சி.ஆர். முறையிலும் உறுதிசெய்தபின்தான் குட்டி எந்த வகை என்று பேச முடியும். பெரிய பூனைக்கு அன்றே தொற்று இல்லை என்று வந்தாலும் நிம்மதி அடைந்துவிட முடியாது, ஏனெனில் வைரஸ் இரத்தத்தில் தென்பட அவகாசம் வேண்டும். கடைசியாகக் குட்டியோடு பழகிய நாளிலிருந்து முப்பது நாள்களாவது, கூடுமானால் ஆறு வாரம், பொறுத்து மறுபடியும் சோதிக்கவேண்டும். அதுவரை இரண்டும் தனித்தனி அறைகளில், தனித்தனித் தட்டுகளோடும் மணல் தொட்டிகளோடும் இருக்கட்டும். இரண்டாம் முடிவிலும் பெரிய பூனை தப்பியிருந்தால், மூன்று நான்கு வார இடைவெளியில் இரண்டு தவணைத் தடுப்பூசி போடலாம். தடுப்பூசி எல்லாப் பூனைகளையும் காப்பதில்லை என்பதால், குட்டிக்கு நிலையான தொற்று உறுதியானால், அதன்பிறகும் பிரித்து வைப்பதே பத்திரம். ஏற்கெனவே தொற்றிய பூனைக்கு இந்தத் தடுப்பூசியால் பயன் இல்லை.

தொற்றுள்ள பூனையை வீட்டுக்குள்ளேயே வைத்துக் கருத்தடை செய்துவிடவேண்டும். அது வெளியே போனால் பிற பூனைகளுக்கு ஆபத்து. அதைவிட, வெளியில் கிடைக்கும் எந்தக் கிருமியையும் எதிர்க்கும் வலிமை அதற்கே குறைவு. பச்சை இறைச்சி கொடுக்கக்கூடாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை மருத்துவரிடம் காட்டி எடையையும் இரத்த அணுக்களின் எண்ணிக்கையையும் பார்க்கவேண்டும். வீட்டிலோ வாரம் ஒருமுறை மேலுதட்டை மெல்லத் தூக்கி ஈறைப் பாருங்கள்: இளஞ்சிவப்பாக இருந்தது வெளுத்திருந்தால் இரத்தசோகை என்று சந்தேகிக்கலாம், பல்லோரம் சிவந்து வீங்கியிருந்தால் ஈறு அழற்சி. நிம்மதியாகப் படுத்திருக்கும்போதே மூச்சு வாங்கினால் மார்புக்குள் கட்டி வளர்ந்து நுரையீரலை அழுத்திக்கொண்டிருக்கலாம். அதற்கு மறுநாள்வரை காத்திராமல் அப்போதே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.