காணாமல் போன அறுபது கிராம்: ஆலைச் சாக்குக்கு எடை எழுதும் முறை

நவி மும்பையின் வாஷி மொத்தச் சந்தையில் அரிசி வியாபாரம் செய்யும் திருநெல்வேலிக்காரர் ஒருவர், சென்ற பிப்ரவரியில் என்னைத் தம் கிடங்குக்கு அழைத்து இரண்டு எண்களைக் காட்டினார். ஜூலையில் ஒரு சணல் ஆலையிலிருந்து இறங்கிய 2,000 புதுச் சாக்குகளில் சிலவற்றை அன்றே நிறுத்துப் பார்த்தபோது சராசரி எடை 592 கிராம். அதே அடுக்கிலிருந்து, ஒருமுறைகூடப் பயன்படுத்தாத சாக்குகளை எடுத்து இப்போது நிறுத்தால் 531 கிராம். "ஆர்டர் கொடுத்தது 580 கிராம் சாக்குக்கு. வந்தப்போ கூடுதலாத்தான் இருந்தது தம்பி. இப்ப சாக்குக்கு அறுபது கிராம் காணோம். நல்லதை எடுத்துட்டு மட்டமானதை யாரோ மாத்தி வெச்சுட்டாங்களோ?" என்று கேட்டார். கிடங்கில் வேலை செய்யும் இரண்டு பேர் மேல் அவருக்குச் சந்தேகம் விழுந்திருந்தது என்பதனால், இந்தக் கணக்கை அன்றே முடித்துவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

யாரும் எதையும் மாற்றவில்லை. சாக்குக்கு 61 கிராம் வீதம் 2,000 சாக்குகளிலிருந்து ஏறத்தாழ 122 கிலோ தண்ணீர், மழைக்காலம் முடிந்தபின் மெல்ல மெல்லக் காற்றில் கலந்துவிட்டது. ஆனால், ஜூலையில் "கூடுதலாக" இருந்த அந்தச் சாக்குகள் உண்மையில் எடை குறைந்தவை என்பதும் அதே கணக்கில்தான் வெளிப்பட்டது.

சணல் நார் பெரும்பாலும் செல்லுலோஸாலும் அதனுடன் பின்னிய ஹெமிசெல்லுலோஸாலும் ஆனது. இவற்றின் நீண்ட மூலக்கூறுகளின் பக்கவாட்டில் ஹைட்ராக்சில் தொகுதிகள் வரிசையாக நிற்கின்றன. காற்றில் உலவும் நீராவி மூலக்கூறு அவற்றை நெருங்கினால், ஹைட்ரஜன் பிணைப்பால் ஒட்டிக்கொள்ளும். சாக்கு நனையவே வேண்டாம். ஈரக் காற்று பட்டாலே போதும். காற்றின் ஈரப்பதம் ஏறும்போது நார் நீரை வாங்கிக்கொள்கிறது, இறங்கும்போது விட்டுவிடுகிறது. இதில் என்னை எப்போதும் வியக்க வைக்கும் ஒன்று உண்டு: காற்றின் ஈரப்பதம் ஒன்றாகவே இருந்தாலும், உலர்ந்த நிலையிலிருந்து ஈரம் ஏறிவந்த சாக்கைவிட, ஈர நிலையிலிருந்து உலர்ந்துவந்த சாக்கு கூடுதல் நீரை வைத்திருக்கும். ஈரத்தில் விரிந்து திறந்துகொண்ட பிணைப்பிடங்கள், உலரும்போது அதே வழியில் மூடிக்கொள்வதில்லை. ஆகவே ஒரு சாக்கின் எடை, அது இப்போது இருக்கும் காற்றை மட்டுமன்றி, அது கடந்துவந்த பருவத்தையும் சேர்த்தே சொல்கிறது.

இந்த நீரை ஆலைக்காரர்கள் 'ரீகெயின்' என்ற அளவால் குறிப்பார்கள். முற்றிலும் உலர்ந்த நாரின் எடை 100 என்றால், அதன் மேல் ஏறியிருக்கும் நீர் எத்தனை என்பதே ரீகெயின். 65 சதவீத ஈரப்பதமுள்ள காற்றில் சணலின் ரீகெயின் ஏறத்தாழ 13.75, நீராவி நிறைந்த காற்றில் அது 30ஐத் தாண்டிவிடும். இவ்வளவு தூரம் ஆடும் ஒரு பொருளை வெறும் தராசு எடையில் வாங்கி விற்க முடியாது என்பதனால், சணல் சாக்குக்கு 20 சதவீத ரீகெயினில் எடையைக் கணக்கிடுவது என்ற ஒப்பந்த மரபு உண்டு. 50 கிலோ தானியத்துக்கான சாக்குக்கு ஐ.எஸ். 16186 என்ற இந்தியத் தரம் சொல்லும் 580 கிராமையும் இந்த அடிப்படையில்தான் வாசிக்க வேண்டும். 580ஐ 1.20ஆல் வகுத்தால் கிடைக்கும் 483 கிராம்தான் நாம் பணம் கொடுத்து வாங்கும் சரக்கு, மீதம் தண்ணீர்.

அண்ணாச்சியின் சாக்குகளில் ஐந்தைத் துணிப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் கொடுத்து, 105 டிகிரி செல்சியஸ் அடுப்பில் எடை மாறாத நிலை வரும்வரை உலர்த்தச் சொன்னோம். சராசரி 466 கிராம் வந்தது. அந்த ஒற்றை எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு ஜூலைக்கும் திரும்பிப் போகலாம், பிப்ரவரிக்கும் வரலாம். 592ஐ 466ஆல் வகுத்தால் 1.27, அதாவது சாக்குகள் வந்திறங்கிய நாளில் ரீகெயின் 27. 531ஐ வகுத்தால் 1.14, இப்போதைய ரீகெயின் 14. ஒப்பந்த நிலைக்கு 466ஐ 1.20ஆல் பெருக்கினால் 559 கிராம். 580க்கு இது 21 கிராம் குறைவு. ஒழுங்கான 580 கிராம் சாக்கு இந்தப் பிப்ரவரியில் 551 கிராம் காட்டியிருக்க வேண்டும். எனவே கிடங்கு ஆட்கள் மேல் எந்தக் குற்றமும் இல்லை; குறை ஆலையில் தொடங்கியது, அதை மழைக்காலம் மூடி மறைத்திருந்தது. நான் கணக்கைச் சொல்லி முடித்தவுடன் அண்ணாச்சி அந்த இருவரையும் கூப்பிட்டுத் தேநீர் வரவழைத்துக் கொடுத்தார்.

ஆலையிடம் இழப்பீடு கேட்க வழியில்லை. தொலைபேசியில் அவர் சொன்னது "580 கிராம் பி ட்வில், 2,000" என்பது மட்டுமே. பி ட்வில் என்பது இந்தச் சாக்குத் துணியின் வகை. எந்த ரீகெயினில் என்று யாரும் எழுதவில்லை. அடுத்த ஆர்டரில் எடையைப் பற்றிய வாக்கியத்தை நாங்கள் இப்படி அமைத்தோம்: சாக்கின் எடை 20 சதவீத ரீகெயினில் 580 கிராம், இறங்கும்போது ரீகெயின் 22க்கு மேல் இருந்தால் சரக்கைத் திருப்பும் உரிமை உண்டு, திருத்திய எடை என்பது தராசு எடையை 120ஆல் பெருக்கி, 100உடன் அளந்த ரீகெயினைக் கூட்டிய எண்ணால் வகுப்பது. ஒற்றைச் சாக்குகள் ஒன்றுக்கொன்று கொஞ்சம் வேறுபடுவது இயல்பு என்பதால், தனிச் சாக்குக்கு ஒரு விலக்கமும் பல சாக்குகளைச் சேர்த்துக் கட்டிய பேலின் சராசரிக்கு அதைவிட இறுக்கமான ஒரு விலக்கமும் தனித்தனியே எழுதப்பட்டன.

கையில் பிடிக்கும் ஈரமானியை நம்புவதில் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. முதலாவது, சில மானிகள் ரீகெயினைக் காட்டாமல், மொத்த எடையில் நீர் எத்தனை பங்கு என்பதைக் காட்டும். 20 ரீகெயின் என்பது அந்தக் கணக்கில் 16.7தான். மானி காட்டும் 17ஐ ரீகெயின் என்று தவறாக எடுத்துக்கொண்டால், தராசில் 580 கிராம் காட்டும் சாக்கின் திருத்திய எடை 595 என்று வந்து, பதினைந்து கிராம் குறைபாடுகூட மறைந்துபோகும். இரண்டாவது, 500 சாக்குகளை அழுத்திக் கட்டிய பேலின் வெளிப்புறம் சில நாட்களில் உலர்ந்துவிடும், நடுப்பகுதி வாரக்கணக்கில் உலராது. மானியின் ஊசியைப் பேலை அவிழ்த்து நடுச் சாக்குகளில் குத்த வேண்டும்.

நீர் ஆவியாகிவிடும், ஆனால் எடையைக் கூட்டும் இன்னொன்று அடுப்பிலும் போகாமல் தங்கும். சணலை மென்மையாக்க ஆலையில் எண்ணெய்க் குழம்பு தெளிப்பார்கள். அந்த எண்ணெய் நாரோடு தங்கி, நாரின் எடையாகவே கணக்கில் ஏறும். அது கனிம எண்ணெயாக இருந்தால், மண்ணெண்ணெய் போன்ற வாடை அரிசிக்கும் இறங்கும். காபி, கோகோ கொட்டைகளுக்கான சாக்கில், கனிம எண்ணெய் போலச் சோப்பாக மாறாத பொருள் கிலோவுக்கு 1,250 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று சர்வதேச சணல் அமைப்பின் தரம் வரம்பு வைத்தது இதனால்தான். அரிசிக்கும் தாவர எண்ணெய் மட்டும், எண்ணெய் அளவு 3 சதவீதத்துக்கு மேல் போகாமல், என்று எழுதச் சொன்னேன்.

எடை சரியாக இருந்தும் துணி மோசமாக இருக்கலாம். தறி ஒரு நிமிடத்தில் அடிக்கும், குறுக்கே ஓடும் ஊடை இழைகளின் எண்ணிக்கை ஏறக்குறைய மாறாதது. ஆகவே 10 சென்டிமீட்டருக்கு இரண்டு ஊடைகளைக் குறைத்தால், அதே நேரத்தில் கூடுதல் நீளத் துணி கிடைக்கும். இழையைத் தடிப்பாக்கினால் எடையும் சரிக்கட்டப்படும். நிரம்பிய சாக்கின் வயிற்றைச் சுற்றி இழுபடுவது அந்த ஊடைதான், இடைவெளி விழுந்தால் தானிய மணி ஒழுகுவதும் அங்கேதான். எனவே எடையோடு, 10 சென்டிமீட்டருக்கு நீளவாக்கில் ஓடும் பாவு எத்தனை, ஊடை எத்தனை என்பதையும் ஆர்டரில் எழுத வேண்டும். சரக்கு வந்தபின் ஒரு சாக்கில் ஐந்து இடங்களில் அளவுகோலை வைத்து எண்ணினால் போதும். இதற்குக் கூடம் தேவையில்லை. கனமான சாக்கே நல்ல சாக்கு என்று கையில் தூக்கிப் பார்த்து முடிவெடுக்கும் பழக்கம் நம் வியாபாரிகளிடம் ஊறிப்போன நம்பிக்கை. தண்ணீர், எண்ணெய், தடித்த இழை ஆகிய மூன்றுமே அந்தக் கையை ஏமாற்றக்கூடியவை.

தையல் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். இந்த வகைச் சாக்கில் துணியை அடியில் மடித்து இரு பக்கமும் தைப்பார்கள். அடியில் தையல் கிடையாது. பக்கத் தையல் துணியின் கரையிலேயே விழ வேண்டும், இல்லையேல் வெட்டிய விளிம்பை உள்ளே மடித்துத் தைத்திருக்க வேண்டும். மடிக்காமல் விட்ட விளிம்பில் சுமை ஏறும்போது இழைகள் தையலிலிருந்து வழுக்கி வெளியே வரும். 10 சென்டிமீட்டருக்கு 9 முதல் 11 தையல் என்று எழுதினோம். அதைவிடக் குறைந்தால் தையல்களுக்கு நடுவே வாய் பிளக்கும். மிகவும் கூடினால் ஊசித் துளைகள் வரிசையாக விழுந்து துணி அந்தக் கோட்டிலேயே கிழியும். கிழிந்த சாக்கைப் பார்த்தாலே காரணம் தெரியும்: நூல் அறுந்திருந்தால் நூல் மெலிது, நூல் முழுதாக இருந்து இழைகள் மட்டும் விலகியிருந்தால் விளிம்பு போதவில்லை, தையலை ஒட்டிக் கத்தரித்தாற்போல் கிழிந்திருந்தால் துளைகள் நெருக்கம். வாஷியில் சுமை தூக்கும் மாத்தாடித் தொழிலாளர்கள் கொக்கி போட்டு இழுத்த இடத்தில் வரும் கிழிசல் இவற்றிலிருந்து வேறு, அது துணியின் நடுவில் நட்சத்திரம்போலப் பிரிந்து நிற்கும். அதற்கு ஆலையைக் குறை சொல்ல முடியாது.

அச்சிலும் இதே ஈரக் கணக்கு வந்து நிற்கிறது. அண்ணாச்சியின் பழைய சாக்குகளில் "நிகர எடை 50 கிலோ, சாக்கு 580 கிராம்" என்று அச்சிட்டிருந்தது. 50.580 கிலோ மொத்த எடை வரும்வரை நிரப்புவார்கள். பிப்ரவரியில் 531 கிராம் சாக்கில் அப்படி நிரப்பியதில் சாக்குக்கு 49 கிராம் அரிசி கூடுதலாகப் போயிருக்கிறது. ஜூலையில் 592 கிராம் சாக்கில் 12 கிராம் குறைவாகப் போயிருக்கிறது. எனவே சாக்கின் எடையை அச்சிலிருந்தே எடுத்துவிட்டு, நிரப்பும் நாளில் பத்து வெறுஞ்சாக்குகளை நிறுத்து வரும் சராசரியைத் தராசில் கழிக்குமாறு மாற்றினோம். அச்சில் நிகர எடை, பொருள், ஆலையின் அடையாளம், தயாரித்த மாதமும் ஆண்டும் மட்டும் பெரிய எழுத்தில் இருக்கும். சணல் துணியில் கோட்டின் அகலம் ஓர் இழையின் அகலத்துக்குக் கீழே போனால் மை மேட்டில் மட்டும் பட்டுக் கோடு உடையும் என்பதால், சிறிய எழுத்துகளும் தொகுதி எண்ணும் வாயோரத் தையலில் சேர்த்துத் தைத்த துணிச் சீட்டுக்கு மாறின.

ஐந்து சாக்குகளை உலர்த்தி நிறுத்த அண்ணாச்சி நகரத்தின் மறுகோடிக்கு இரண்டு முறை ஆளனுப்ப வேண்டியிருந்தது. பெரிய சந்தை ஒவ்வொன்றிலும் ஓர் உலர்த்து அடுப்பையும் அரை கிராம் துல்லியத் தராசையும் பொதுப் பணத்தில் வைப்பது செலவே அல்ல என்று நான் உறுதியாக நினைக்கிறேன். அதுவரை அவரே ஒரு சிறிய அடுப்பு வாங்கிக் கிடங்கின் மூலையில் வைத்திருக்கிறார். புதிய ஆர்டரின் முதல் பேல் ஜூனில் வந்தபோது, நடுவிலிருந்து எடுத்த பத்துச் சாக்குகளின் தராசு எடை 588 கிராம், உலர்ந்த எடை 484 கிராம். திருத்திய எடை 581. ரீகெயின் 21.5. அன்று மாலையே லாரியிலிருந்து மீதிப் பேல்களையும் இறக்கச் சொன்னார்.