இ-ஸ்போர்ட்ஸ் போட்டியில் பந்தயம்: சட்டம் எங்கே கோடு போடுகிறது, ஏன்?

நாகர்கோவில், மார்த்தாண்டம், தக்கலை பகுதி மாணவர்களிடையே செல்போனில் அணி சேர்ந்து ஆடும் இ-ஸ்போர்ட்ஸ் போட்டிகளுக்கு நல்ல ஆர்வம் இருக்கிறது. அதில் ஆடுவது ஒன்று, யார் ஜெயிப்பார் என்று வெளியிலிருந்து பணம் கட்டுவது வேறு. 2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்ற மத்திய அரசின் இணையவழி விளையாட்டுச் சட்டம் இரண்டையும் பிரித்து வைக்கிறது. அங்கீகாரம் பெற்ற இ-ஸ்போர்ட்ஸில் நுழைவுக் கட்டணமும் திறமைக்கான பரிசுத்தொகையும் இருக்கலாம். ஆனால் அந்தப் போட்டியின் மீது ஆடுபவரோ வெளியாரோ, யாரும் பந்தயம் கட்டக்கூடாது. அங்கீகாரமில்லாத விளையாட்டுக்கு, கட்டணமும் பரிசும் வைக்கலாம் என்ற இந்த விலக்கு இல்லை. எனவே கல்லூரி விழாவில் போட்டி நடத்துபவர்கள் கட்டணம் வாங்காமல் நடத்துவதே பாதுகாப்பானது.

பந்தயத் தளம் நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். விளம்பரம் செய்தால் 2 ஆண்டு வரை சிறை, 50 லட்சம் வரை அபராதம். மத்தியச் சட்டம் பணம் கட்டி ஆடியவரைத் தண்டிப்பதில்லை. அதை நம்பி நம்மூர் இளைஞர்கள் நிம்மதியாக இருக்கக்கூடாது. தமிழ்நாட்டின் இணையவழிச் சூதாட்டத் தடைச் சட்டப்படி, பந்தயம் கட்டியவருக்கே 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் உண்டு. களியக்காவிளையைத் தாண்டிக் கேரளத்துக்குள் போனாலும், தளம் நடத்துபவரையும் விளம்பரம் செய்பவரையும் தண்டிக்கும் மத்தியச் சட்டம் கூடவே வரும்.

சட்டத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு, இந்தச் சந்தை எப்படி நடக்கிறது என்று பார்த்தாலே இதில் ஏன் கைவைக்கக்கூடாது என்பது விளங்கும். கட்டிய பணம் முழுவதையும் ஒன்றாகச் சேர்த்து, ஜெயித்த பக்கத்தாருக்குப் பிரித்துக் கொடுக்கும் முறையை எடுத்துக்கொள்வோம். ஒரு சிறிய போட்டியில் மொத்தம் 1 லட்சம் ரூபாய் சேர்ந்திருக்கிறது. வலுவான அணி மேல் 80,000, எளிய அணி மேல் 20,000. எளிய அணி ஜெயித்தால் கட்டிய ஒரு ரூபாய்க்கு 5 ரூபாய் கிடைக்கும். இப்போது ஒரே ஆள் எளிய அணி மேல் இன்னும் 20,000 வைக்கிறார். மொத்தம் 1,20,000, அந்தப் பக்கம் 40,000. ரூபாய்க்கு 5 என்பது 3 ஆகிவிட்டது. பல கோடி புரளும் கிரிக்கெட் ஆட்டத்தில் இதே 20,000 இருந்த இடம் தெரியாது.

இந்தச் சரிவைப் பார்ப்பவர், விவரம் தெரிந்த யாரோ எளிய அணியை நம்புகிறார் என்று நினைத்துப் பின்னாலேயே பணத்தைக் கொட்டுகிறார். ஆனால் அந்தப் பணத்தை வைத்தவர், தோற்க ஒப்புக்கொண்ட வலுவான அணியின் ஆளாகவும் இருக்கலாம். தொகை தெரிந்துவிடக்கூடாது என்பதற்காக இப்படிப்பட்டவர்கள் பல கணக்குகளில் பிரித்துக் கட்டுவதும் உண்டு.

2014 ஆகஸ்டில் அமெரிக்காவில் நடந்தது இதுதான். கவுன்டர்-ஸ்டிரைக் என்ற துப்பாக்கிச் சண்டை வீடியோ விளையாட்டில் பெரிய அணியான ஐபைபவர், எல்லோரும் தோற்கும் என்று நினைத்திருந்த அணியிடம் 16-4 என்று தோற்றது. பந்தயம் கட்டப்பட்டது காசாக அல்ல, விளையாட்டுக்குள் கைமாறும் துப்பாக்கி அலங்காரப் பொருட்களாக. அவற்றின் மதிப்பு சுமார் 10,000 டாலர். பத்திரிகையாளர் ஒருவர் குறுஞ்செய்திகளை வெளியிட்ட பிறகு, அந்த விளையாட்டை நடத்தும் வால்வ் நிறுவனம் பழைய கணக்குகளைத் துருவியது. ஜெயித்த பொருட்கள் இடையாள் வழியாக ஆட்டக்காரர்களின் கைக்கு வந்த தடம் அதில் இருந்தது. 2015 ஜனவரியில் ஏழு பேருக்குத் தடை விதித்தது. தோற்ற அணியிலேயே பங்கை வாங்காத ஒருவர் மட்டும் தப்பினார். வலுவான அணி மேல் கட்டியவர்களின் பொருட்கள் போனது போனதுதான்.

கீழ்மட்டப் போட்டிகளில் இது இன்னும் எளிது. பரிசுத்தொகை சொற்பம், ஆடுபவர்கள் இளைஞர்கள், வீட்டிலிருந்தே ஆடுகிறார்கள், கண்காணிக்க நடுவர் பக்கத்தில் இல்லை. முழு ஆட்டத்தையும் தோற்க வேண்டியதுகூட இல்லை. முதல் சுற்றை யார் எடுப்பார், முதலில் யார் வீழ்வார் என்பதற்கும் தனிப் பந்தயம் உண்டு. ஒருவர் ஒரு நொடி தாமதித்தால் போதும், பார்ப்பவருக்கு அது சாதாரணத் தவறாகவே தெரியும். இதோடு, நேரலை தாமதமாகவே ஒளிபரப்பாகிறது. நாம் பார்க்கும் காட்சி அங்கே முன்பே முடிந்தது. ஆட்டத்துக்குள் இருப்பவருக்கு முடிவு தெரிந்த பிறகும் நாம் பணம் கட்டிக்கொண்டிருப்போம்.

ஜெயித்தாலும் பணம் கைக்கு வரும் என்பதற்கு உறுதியில்லை. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 30ஆவது பிரிவுப்படி பந்தய ஒப்பந்தம் செல்லாது. தளம் கையை விரித்தால், ஜெயித்த தொகையைக் கேட்டு நீதிமன்றத்துக்குப் போக முடியாது.

தளங்கள் பணம் வாங்குவதற்குத் தனியாட்களின் வங்கிக் கணக்குகளைத் தேடுகின்றன. மாதம் இவ்வளவு தருகிறோம், ஏடிஎம் அட்டையையும் சிம்மையும் கொடு என்று யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள். பந்தயப் பணத்தைக் கைமாற்ற உதவுபவருக்கும் மத்தியச் சட்டத்தில் 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி வரை அபராதம். ஏமாந்து பணத்தை அனுப்பிவிட்டால் உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள், cybercrime.gov.in தளத்திலும் புகாரைப் பதியுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாண்டுவதற்குள் புகார் போனால் வங்கியில் நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. பரிவர்த்தனை எண்ணையும் எதிர்த்தரப்புடனான உரையாடலையும் அழிக்காமல் வைத்திருங்கள்.