செல்போன் திருட்டுக்கு இல்லாத உரிமை ஜாமீன், விபத்துக்கு உண்டா?

வாரண்ட் இல்லாமல் போலீஸ் கைது செய்தால் அது ஜாமீன் கிடைக்காத வழக்குதான் என்று பலர் நினைக்கிறார்கள். இரண்டும் வேறு வேறு கேள்விகள். இப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் முதல் அட்டவணையில் இவை தனித்தனிப் பத்திகளாகவே இருக்கின்றன.

கவனக்குறைவாக வண்டி ஓட்டி ஒருவர் சாகக் காரணமானால் 5 ஆண்டு வரை சிறை. போலீஸ் வாரண்ட் இல்லாமல் கைது செய்யலாம், ஆனால் ஜாமீன் உரிமை. பிரிவு 478ன்படி, ஜாமீன் தரத் தயாராக இருந்தால் ஸ்டேஷனிலேயே விட்டாக வேண்டும். ஜாமீன்தாரர் கிடைக்காமல் ஒரு வாரம் ஓடிவிட்டால், அவரை வசதியற்றவராகக் கருதிச் சொந்தப் பிணையில் விட வேண்டும். 12,000 ரூபாய் செல்போனைத் திருடினால் 3 ஆண்டு வரைதான் சிறை. ஆனாலும் அங்கே ஜாமீன் மாஜிஸ்திரேட்டின் விருப்புரிமை. தண்டனையின் அளவை வைத்து ஜாமீனை ஊகிக்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

சரி, கைது செய்யலாம் என்றால் செய்தே ஆக வேண்டுமா? இல்லை. 7 ஆண்டு வரை தண்டனையுள்ள குற்றம் என்றால், தப்பி ஓடுவார், சாட்சியைக் கலைப்பார் என்பது போன்ற காரணத்தை அதிகாரி எழுதி வைக்க வேண்டும். காரணம் இல்லையென்றால், ஆஜராகச் சொல்லி பிரிவு 35(3)ன் கீழ் நோட்டீஸ் தருவதோடு சரி. அர்னேஷ் குமார் வழக்கில் 2014ல் உச்ச நீதிமன்றம் இதைக் கண்டிப்பாகச் சொன்னது.

செல்போன் வழக்கிலும் ஒரு கட்டத்தில் ஜாமீன் உரிமையாகிவிடும். மே 31 இரவு கைது, ஜூன் 1 அன்று மாஜிஸ்திரேட் ரிமாண்ட் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். திருட்டுக்கு 60 நாளுக்குள் குற்றப்பத்திரிகை வர வேண்டும். ஆயுள் தண்டனை, 10 ஆண்டுக்குக் குறையாத சிறை போன்ற பெரிய குற்றங்களுக்கு 90 நாள். கணக்கு கைதான நாளிலிருந்து அல்ல, ரிமாண்ட் நாளிலிருந்து. அந்த நாளும் சேரும். ஜூன் மாதம் 30 நாள், ஜூலையில் 30, ஆக ஜூலை 30 அன்று அறுபது முடிகிறது. குற்றப்பத்திரிகை வராமல் ஜூலை 31 விடிந்தால் உரிமை பிறக்கிறது.

ஆனால் அது தானாகக் கைக்கு வராது. மனு போட வேண்டும். வக்கீல் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டு, அதற்குள் போலீஸ் குற்றப்பத்திரிகையைத் தாக்கல் செய்துவிட்டால் உரிமை போய்விடும். மனு முதலில் போய், குற்றப்பத்திரிகை அதே நாளில் பின்னால் வந்தால் உரிமை நிற்கும். சென்னையிலிருந்து போன ஒரு போதைப்பொருள் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020ல் அப்படித்தான் ஜாமீன் கொடுத்தது. அதனால்தான் அனுபவமுள்ள வக்கீல்கள் 61ஆம் நாள் காலையில் கோர்ட் திறக்கும்போதே மனுவோடு நிற்கிறார்கள்.