பிபா, ஃபிபா, ஃபிஃபா: பிறமொழிப் பெயரை எப்படி எழுதுவது?

காரைக்குடியில் உட்கார்ந்து செய்தி திருத்துகிறவருக்குப் பிறமொழிப் பெயர்கள் ஓயாமல் வந்துகொண்டே இருக்கும். மலேசியாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் ஊர்க்காரர்கள் செய்தி அனுப்புவார்கள். கானாடுகாத்தான் வீடுகளைப் பார்க்க வரும் வெளிநாட்டுக்காரர்களின் பேட்டி வரும். இதற்கு மேல் உலகச் செய்தி. ஒரே ஆள் முதல் பத்தியில் ‘சோபி’, மூன்றாம் பத்தியில் ‘சோஃபி’, படத்தின் கீழே ‘ஸோபி’ என்று மூன்று பேராகிவிடுவது இப்படித்தான்.

‘ஷ’ ஒலியில் பெரிய சிக்கல் இல்லை. வாஷிங்டன், ஷாங்காய் என்று எழுத்து ஊன்றிவிட்டது. கைகள் தடுமாறுவது ‘ஃப’விலும் ‘ஜ, ஸ, ச’ மூன்றிலும்தான்.

முதலில் ‘ஃப’. சொல்லின் முதலில் ப வந்தால் அழுத்தமாகவே ஒலிக்கும். அதனால் பிரான்ஸ், பின்லாந்து என்று எழுதினால் யாருக்கும் குழப்பமில்லை. நிலைத்துவிட்ட அந்தப் பெயர்களை அப்படியே விடலாம். நடுவில் வரும் ஒற்றைப் ப அப்படியில்லை. இரண்டு உயிர்களுக்கு நடுவே அது மெலிந்துவிடும். ‘சோபா’ என்று எழுதினால் அது உட்காரும் இருக்கையா, ஒரு பெண்ணின் பெயரா என்று வாசிப்பவர் ஊகிக்க வேண்டும். ஆப்பிரிக்கா என்று எழுதியவர்கள் ப்-ஐ இரட்டித்து இதைச் சமாளித்தார்கள். புதிய பெயர்களில் அது எடுபடாது. ‘சோப்பியா’ என்றால் சோப்புதான் நினைவுக்கு வரும். ஆகவே புதிதாக வரும் பெயர்களில் முதலிலும் நடுவிலும் ஃப போடுவது என் வழக்கம். ஃபிஃபா என்றால் இரண்டு ஆய்தமும் வேண்டும்.

ஆய்தம் குற்றெழுத்துக்கும் வல்லினத்துக்கும் நடுவில்தான் வரும், அஃது, எஃகு போல, என்பது தொல்காப்பிய விதி. கம்பன் கழகம் பிறந்த ஊர் இது, இலக்கணம் கேட்க ஆள் உண்டு. கேள்வி நியாயமானதுதான். ஆனால் வேறு எழுத்து நம்மிடம் இல்லை. ஒரே ஒரு விலக்கு: உள்ளூர்க்காரர் பெயர். பாத்திமா என்று அவரே கையெழுத்துப் போடும்போது நாம் ஃபாத்திமா என்று திருத்தக் கூடாது.

அடுத்து ஆங்கில Z. அந்த எழுத்தைக் கண்டதும் எழுதத் தொடங்கிவிடாமல், எந்த மொழிப் பெயர் என்று பார்க்க வேண்டும். ஜெர்மனிலும் பெரும்பாலும் இத்தாலியனிலும் அது ‘ட்ச’ போல ஒலிக்கும். மோட்சார்ட், பீட்சா வந்தது அப்படித்தான். ஒலி உண்மையிலேயே Z-தான் என்றால், ஏற்கெனவே நிலைத்த பெயர்களே வழி காட்டுகின்றன. முதலில் வந்தால் ஜ: ஜிம்பாப்வே, ஜாம்பியா. உயிர்களுக்கு நடுவே வந்தால் ச: பிரேசில், எலிசபெத், நியூசிலாந்து. மெய்க்கு முன்னால் ஸ்: உஸ்பெகிஸ்தான். கஜகஸ்தான், அஜர்பைஜான் போன்றவை இந்த வரிசைக்குள் அடங்காது; அவற்றை மாற்றப் போனால் வாசகருக்குத்தான் அடையாளம் தெரியாமல் போகும். ஃஜ, ஃஸ என்று புது எழுத்துக் கட்டுவோரும் உண்டு. அதை எப்படி வாசிப்பது என்று தெரிந்த வாசகரை நான் அதிகம் பார்த்ததில்லை.

உக்ரைன் அதிபர் பெயரையே எடுத்துக்கொள்வோம். ஜெலன்ஸ்கி, ஸெலென்ஸ்கி, செலன்ஸ்கி எல்லாம் செய்திகளில் கண்ணில் படுகின்றன. உக்ரைனிய மொழியில் முதல் ஒலி Z. ஸ, ச இரண்டும் காற்று மட்டும் சீறும் ஒலிகள். ஜ-வில் குரலாவது சேர்கிறது. அதனால் ஜெ. அடுத்த உயிரும் எகரம்தான், எனவே லெ. ஜெலென்ஸ்கி. இதைப் பெயர்க் கோப்பில் ஏற்றும்போது மூல எழுத்து, நாடு, நம் எழுத்து, ‘ஜெலென்ஸ்கியின்’ என்ற வேற்றுமை வடிவம், தவறாக வரும் வடிவங்கள் என எல்லாவற்றையும் ஒரே வரியில் வைத்தால் போதும்.

கோப்பு தேவைப்படுவதற்குக் காரணம் தேடல். பழைய செய்தியில் Ctrl+F போட்டு ‘பிரான்ஸ்’ என்று தேடினால் ‘ஃபிரான்ஸ்’ உள்ளே இருப்பதும் சிக்கும். ஆய்தம் தனி எழுத்துக் குறி என்பதால். ‘ஃபிரான்ஸ்’ என்று தேடினால் ஆய்தம் இல்லாதவை வரா. நடுவில் ஆய்தம் வரும் பெயரில் இரண்டு பக்கமும் அடைப்பு: சோபியைத் தேடினால் சோஃபி வராது, சோஃபியைத் தேடினால் சோபி வராது. அகரவரிசைப் பட்டியலிலும் ஃபிரான்ஸ் ஔ-வுக்கு அடுத்து, க-வுக்கு முன்னால் போய் நிற்கும்.

அதற்காகப் பழைய செய்திகளை ஒரேயடியாக ‘எல்லாவற்றையும் மாற்று’ என்று கொடுத்துவிட வேண்டாம். சோபியைச் சோஃபி ஆக்கினால் விளையாட்டுப் பக்கத்தில் ‘தொடக்க ஆட்டக்காரர் சோஃபிக்கவில்லை’ என்று நிற்கும். பெயரை முழுதாக, வேற்றுமை உருபோடு சேர்த்துத் தேடுங்கள்: முதலில் ‘சோபியின்’, அப்புறம் ‘சோபிக்கு’, ‘சோபியை’. அதிலும் ‘சோபிக்கு’ என்பது ‘சோபிக்கும்’ என்ற சொல்லுக்குள்ளும் ஒளிந்திருக்கும். அதை ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் மாற்ற வேண்டும்.