கிரகணம் உங்கள் ராசியில் விழுந்தால் போதாது, பாகையில் விழ வேண்டும்

ஒவ்வொரு கிரகணத்துக்கும் மறுநாள் காலை இதே கேள்விதான் வருகிறது: "சார், பஞ்சாங்கத்துல என் நட்சத்திரம் போட்டிருந்தது. குளிச்சு, அர்ச்சனையும் பண்ணியாச்சு. இனி ஒண்ணும் இல்லையே?"

ஒரு நட்சத்திரத்தின் அகலம் 13 பாகை 20 கலை. கிரகணம் விழுவதோ ஒரே புள்ளியில். அந்தப் புள்ளிக்கு மூன்று பாகைக்குள் உங்கள் லக்னமோ சந்திரனோ சூரியனோ இருந்தால்தான் கணக்கில் எடுப்பேன். ஐந்தைத் தாண்டினால் விட்டுவிடுவேன். கும்பத்தில் 2 பாகையில் சந்திரன் இருப்பவரும் 22 பாகையில் இருப்பவரும் ஒரே ராசிக்காரர்கள். இருவருக்கும் ஒரே பரிகாரச் சீட்டைக் கொடுப்பது ஜோதிடமே அல்ல.

2025 செப்டம்பர் 7 இரவு நடந்த சந்திர கிரகணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். திருக்கணிதப்படி கும்பம் 21 பாகை, பூரட்டாதி முதல் பாதம். ஒருவருக்குக் கும்ப லக்னம் 20 பாகை என்று வைத்துக்கொள்வோம். அன்றிரவு அவருக்கு ஒன்றும் ஆகாது. செவ்வாய் அந்தப் புள்ளியைத் தொடும்போதுதான் விஷயம் வெளியே வரும். நவம்பர் 25ஐ ஒட்டி விருச்சிகம் 21 பாகைக்குச் செவ்வாய் வருகிறார். அங்கிருந்து அவரது நான்காம் பார்வை நேராக லக்னத்தின் மேல் விழுகிறது. அவர் நிற்பது பத்தாமிடம் என்பதால் வேலையில் உரசல் தொடங்கும். பலர் இதைக் கிரகணத்தோடு சேர்த்துப் பார்ப்பதே இல்லை, இரண்டரை மாதம் ஆகிவிட்டதே!

அடுத்து 2026 மார்ச். 3ஆம் தேதி சிம்மம் 18 பாகையைத் தாண்டி, ஏறக்குறைய நேர் எதிரில் இன்னொரு சந்திர கிரகணம். 6ஆம் தேதி வாக்கில் சூரியனும், 22ஆம் தேதி வாக்கில் செவ்வாயும் அதே கும்பம் 21ஐக் கடக்கிறார்கள். நவம்பரில் உரசலாக இருந்தது இங்கே முடிவு கேட்கும். ஆகஸ்ட் 28 கிரகணம் கும்பம் 10 பாகையில் விழுவதால் இந்த லக்னத்துக்குப் பிடி விட்டுப்போகும். நடப்பு தசா புக்தியில் லக்னாதிபதி சனிக்கோ ராகுவுக்கோ சம்பந்தம் இல்லையென்றால், இத்தனையும் சின்னச் சலசலப்போடு போய்விடும். இதைப் பார்க்காமல் யாரையும் பயமுறுத்தக் கூடாது.

லக்னத்தை வைத்துப் பேசுமுன் பிறந்த நேரத்தைச் சரிபாருங்கள். சராசரியாக நாலு நிமிடத்துக்கு லக்னம் ஒரு பாகை நகரும். "சுமார் ஆறு மணி" என்று எழுதிய ஜாதகத்தில் கால் மணி நேரம் பிசகினால் நாலு பாகை போச்சு. சந்திரனுக்கு இந்தத் தொல்லை கிடையாது, அரை மணி தவறினாலும் கால் பாகைதான். வாக்கிய ஜாதகத்தை வைத்துக்கொண்டு திருக்கணிதக் கிரகணப் பாகையோடு ஒப்பிடாதீர்கள். இரண்டையும் ஒரே கணிதத்தில் போட்டுப் பாருங்கள்.

கிரகணத்தன்று பட்டினி கிடந்து சர்க்கரை மாத்திரையைத் தள்ளிப்போடாதீர்கள், தயவுசெய்து. கவனம் வேண்டியது அந்த மூன்றரை மணி நேரத்தில் அல்ல. செவ்வாய் கடக்கும் தேதிக்கு முன்னும் பின்னும் நாலைந்து நாள் நாட்காட்டியில் குறித்துவையுங்கள். அந்த நாட்களில் கோபத்தில் ராஜினாமாக் கடிதம் எழுத வேண்டாம்.