எம்.ஆர்.ஐ. அறிக்கையில் ‘தழும்பு’ என்றிருந்தால் மாரடைப்பு என்றா பொருள்?

மன்னார்குடிக்குத் தெற்கேயுள்ள ஒரு கிராமத்திலிருந்து 43 வயது விவசாயி ஒருவர் மனைவியுடன் வந்திருந்தார். இதய எம்.ஆர்.ஐ. அறிக்கையை என் மேசையில் வைத்தபோது, அதில் ஒரே ஒரு சொல் மட்டும் பேனாவால் வட்டமிடப்பட்டிருந்தது: ‘ஸ்கார்’. அந்த அம்மாவே அகராதியில் பார்த்திருக்கிறார். “தழும்பு என்று போட்டிருக்கிறது. அப்படியென்றால் எங்களுக்குத் தெரியாமலே இவருக்கு ஒரு அட்டாக் வந்து போய்விட்டதா, டாக்டர்?” என்று கேட்டார்.

இதே கேள்வி மாதத்துக்கு இரண்டு மூன்று முறையாவது என் காதில் விழுகிறது. இவருடைய விஷயத்தில் அந்தத் தவறான எண்ணம் ஏற்கெனவே ஒரு தீங்கைச் செய்திருந்தது. குறுவை அறுவடையின்போது நெல் மூட்டை தூக்கியவருக்கு நெஞ்சு இறுகியது. காட்டிய இடத்தில் இ.சி.ஜி. மாறியிருப்பதைப் பார்த்துவிட்டு, மாரடைப்பாக இருக்கலாம் என்று நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரை கொடுத்தார்கள். அடுத்த வாரம் வெயிலில் வேலை செய்துகொண்டிருந்தபோது மறுபடி நெஞ்சு இறுக, அந்த மாத்திரையை வைத்துக்கொண்டார். சில நிமிடங்களில் வரப்பிலேயே சுருண்டு விழுந்துவிட்டார். பிறகு எடுத்த ஆஞ்சியோகிராமில் இரத்தக் குழாய்கள் மூன்றும் சுத்தமாக இருந்தன. எக்கோவில் இதயச் சுவர் தடித்துத் தெரிந்ததால்தான் எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள்.

முதலில் அந்தத் தழும்பு படத்தில் எப்படித் தெரிகிறது என்று அவர்களுக்குச் சொன்னேன். ஸ்கேனின்போது கையில் ஏற்றும் மருந்தின் பெயர் கடோலினியம். அது தசைச் செல்லுக்குள் நுழையாது; செல்களுக்கு இடையேயுள்ள சந்துகளில்தான் தங்கும். ஐப்பசி மழை விட்ட மறுநாள் வயலைப் பார்த்தால் வடிகால் உள்ள பகுதியில் நீர் இறங்கியிருக்கும், பள்ளமான மூலையில் மட்டும் தேங்கி நிற்கும். இதயத்திலும் அப்படித்தான். நல்ல தசையில் செல்கள் நெருக்கமாக இருப்பதால் மருந்து சீக்கிரம் வடிந்துவிடுகிறது. செல்கள் அழிந்து நார் படிந்த இடத்தில் சந்து அகலம், மருந்து தேங்குகிறது. ஏற்றிய பிறகு 10 முதல் 15 நிமிடம் காத்திருந்து படம் எடுத்தால் நல்ல தசை கறுப்பாகவும், தேங்கிய இடம் வெள்ளையாகவும் தெரியும். அறிக்கையில் ‘லேட் கடோலினியம் என்ஹான்ஸ்மென்ட்’ என்று எழுதுவது இந்த வெண்மையைத்தான்.

வெண்மை இருப்பதைக் காட்டிலும், சுவரின் எந்த அடுக்கில் இருக்கிறது என்பதே எங்களுக்கு முக்கியம். இரத்தக் குழாய் அடைத்துக்கொண்டால் முதலில் சாவது சுவரின் உள்பக்கத் தசை. அங்கிருந்து சேதம் வெளிநோக்கிப் பரவும். அதனால் மாரடைப்புத் தழும்பு எப்போதும் உள்விளிம்பைத் தொட்டுக்கொண்டிருக்கும். ஒரு குறிப்பிட்ட குழாய் பாயும் பகுதிக்குள் அடங்கியும் இருக்கும். உள்விளிம்பை விட்டுவிட்டுச் சுவரின் நடுவிலோ வெளிப்பக்கத்திலோ மட்டும் வெண்மை இருந்தால் அது வேறு கதை. இதயம் விரிந்து பலவீனமாகும் நோயில் இடைச்சுவரின் நடுவே மெல்லிய கோடு போல விழும். வைரஸ் காய்ச்சலுக்குப் பின் வரும் இதயத் தசை அழற்சியில் பெரும்பாலும் பக்கச் சுவரின் வெளிப்புறத்தில் இருக்கும்.

இவருடைய படத்தில் இடைச்சுவரின் நடு அடுக்கில் திட்டுத்திட்டாக வெண்மை. வலது கீழறை வந்து ஒட்டும் இரண்டு முனைகளிலும் கொஞ்சம். உள்விளிம்பு முழுக்கக் கறுப்பு. “அம்மா, இது அட்டாக் வந்த தழும்பு இல்லை” என்றேன். அவர் முகம் சற்றுத் தெளிந்தது. ஆனால் அறிக்கையில் இன்னொரு எண் இருந்தது.

இடைச்சுவரின் தடிமன் 19 மி.மீ. பெரியவர்களுக்கு இடது கீழறைச் சுவர் வழக்கமாக 11, 12 மி.மீ.க்குள் இருக்கும். பல ஆண்டு இரத்த அழுத்தத்தாலும் சுவர் தடிக்கும்; அப்போது பெரும்பாலும் சுற்றிலும் ஒரே சீராகத் தடிக்கும், 15ஐத் தாண்டுவது அரிது. இவருக்கு அழுத்தம் இல்லை. பக்கச் சுவர் 9 மி.மீ., இடைச்சுவர் மட்டும் 19. தகுந்த காரணம் இல்லாமல் ஓரிடத்தில் 15 மி.மீ. அல்லது அதற்கு மேல் தடித்திருந்தால் அதை ஹைப்பர்டிராபிக் கார்டியோமயோபதி, அதாவது இதயத் தசை தடிப்பு நோய் என்கிறோம். பெரும்பாலும் மரபணு வழியாக வருவது. சுமார் 500 பேரில் ஒருவருக்கு உண்டு என்பது பொதுவான கணக்கு.

தடிமனை அளப்பதிலும் பிழை நேரும். இடைச்சுவரை ஒட்டி வலது அறையில் ஓடும் தசைக் கற்றையைச் சேர்த்து அளந்துவிட்டால் இரண்டு மூன்று மி.மீ. கூடிவிடும். 14, 15 என்று எல்லைக்கோட்டில் எண் வரும்போது படத்தையே திறந்து மறுபடி அளந்து பார்ப்பேன். இவருடைய 19ஐயும் அளந்தேன், 19தான்.

மாத்திரை வைத்ததும் ஏன் விழுந்தார் என்பதற்கும் இந்தச் சுவரே விடை. தடித்த பகுதி, இரத்தம் வெளியேறும் வாசலில் புடைத்து நிற்கிறது. அந்த மாத்திரை குழாய்களை விரித்து, இதயத்துக்குத் திரும்பி வரும் இரத்தத்தைக் குறைக்கிறது. அறை சுருங்கினால் வாசல் இன்னும் நெருங்கும். வெயிலில் வியர்த்து உடலில் நீர் வற்றியிருந்தால் இரட்டிப்புக் கேடு. மாரடைப்பில் உதவும் மாத்திரை வாசல் அடைபடும் இந்த நோயில் ஆளை வீழ்த்திவிடும். அதை நிறுத்தி, துடிப்பை நிதானப்படுத்தும் பீட்டா பிளாக்கர் தொடங்கினோம். வயலுக்குப் போகும்போது தண்ணீர்க் குடம் பக்கத்தில் இருக்க வேண்டும், மூட்டை தூக்கக் கூடாது, வயிற்றுப்போக்கு வந்தால் அன்றே வர வேண்டும் என்றும் சொல்லி அனுப்பினேன்.

“பம்ப் 68 சதவீதம் நன்றாக இருக்கிறதே” என்றார் அவர். ஒவ்வொரு துடிப்பிலும் அறையிலுள்ள இரத்தத்தில் எத்தனை பங்கு வெளியேறுகிறது என்பதே அந்த எண். இந்த நோயில் அறை சிறுத்துவிடுவதால் அது உயர்ந்தே தெரியும். அதை வைத்து நிம்மதி அடைய முடியாது. தழும்பின் அளவு 6 சதவீதம் என்றிருந்தது. தசையில் 15 சதவீதத்துக்கு மேல் தழும்பிருந்தால் ஆபத்தான துடிப்புக் கோளாறு வரும் வாய்ப்பு கூடுகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் 14 வரை பத்திரம், 16 என்றால் ஆபத்து என்று கோடு கிழிக்க முடியாது. கணக்கிடும் முறை இடத்துக்கு இடம் வேறு. ஓர் ஊரில் 6 என்று வந்தது இன்னோர் ஊரில் 9 ஆகலாம். அதனால் தழும்பை மட்டும் வைத்து நான் எதையும் முடிவு செய்வதில்லை. வீட்டில் யாராவது சின்ன வயதில் திடீரென்று இறந்ததுண்டா என்று கேட்டேன்.

அந்த அம்மா கணவரைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: “என் மாமனார் 46 வயதில் களத்துமேட்டில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். மாரடைப்பு என்றுதான் எல்லோரும் சொன்னார்கள்.”

அறிக்கையின் எந்த எண்ணையும்விட அந்த ஒரு வாக்கியம் கனமானது. ஆபத்தான துடிப்பு வந்தால் தானாகவே அதிர்ச்சி கொடுத்து மீட்கும் ஐ.சி.டி. கருவியைப் பற்றி விரிவாகப் பேசினோம். அதன் நன்மை, கிருமித் தொற்று, தேவையில்லாத அதிர்ச்சி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தை அறுவடை முடியட்டும் என்றார். அதற்கு முன்பாகவே மனைவி தேதி வாங்கிவிட்டார்.

அடுத்த முறை தம்பியை அழைத்து வந்தார்கள். எந்தத் தொல்லையும் இல்லாதவர். எக்கோவில் 14 மி.மீ. வெளியாளுக்கு அது ஐயத்துக்குரிய எண். இந்த நோயாளியின் உடன்பிறந்தவருக்கோ 13 இருந்தாலே நோய் என்று கொள்கிறோம். நோயாளியின் மகளுக்கு 13 வயது, எக்கோவும் இ.சி.ஜி.யும் இப்போது சரியாக இருக்கின்றன. வளரும் வயதில்தான் தடிப்பு தலைகாட்டும் என்பதால் அவளை ஓர் ஆண்டு கழித்து மறுபடி அழைத்து வரச் சொல்லியிருக்கிறேன்.