பச்சையைக் கத்திரிப்பூ நிறமாக்கும் சைபர்

நிறக் குறியீட்டில் முன்னால் நிற்கும் சைபரைத் தயவுசெய்து தூக்கி எறியாதீர்கள். பாளையங்கோட்டையில் இணையதளம் வடிவமைத்துக் கொடுக்கும் தொழிலில் இருக்கிறேன். இதே கோளாறோடு வரும் பட்டியல்களைத் திருத்தித் திருத்தி அலுத்துவிட்டதால்தான் இதை எழுதுகிறேன்.

கடைசியாக வந்தது பத்தமடைப் பாய் விற்கும் ஒரு கடையின் தளம். கடைக்காரருக்குப் பிடித்தது அடர்ந்த பச்சை. அச்சகத்தில் இருந்து அவருக்கு வந்த நிறப் பட்டியலில் ஒவ்வொரு நிறமும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்களாக இருந்தது. அந்தப் பச்சை 11, 93, 8. தளத்தின் ஸ்டைல் பட்டியலுக்கு ஹெக்ஸ் குறியீடு வேண்டும் என்று, தளத்தைப் பார்த்துக்கொள்ளும் பையன் எல்லாவற்றையும் எக்செல்லில் போட்டு ஒரே சூத்திரத்தில் மாற்றிவிட்டான். மறுநாள் கடைக்காரர் என்னை அழைத்து, "அண்ணாச்சி, நான் கேட்டது பச்சை. பொத்தான் எல்லாம் வெளிறிய கத்திரிப்பூ நிறத்தில் இருக்கிறது. எழுத்தும் தெரியவில்லை" என்றார்.

பையன் எழுதிய சூத்திரம் இது:

```
=DEC2HEX(A2)&DEC2HEX(B2)&DEC2HEX(C2)
```

ஹெக்ஸ் என்பது பதினாறு பதினாறாக எண்ணும் முறை, அதில் 10 முதல் 15 வரை A முதல் F. ஆகவே 11 என்பது ஹெக்ஸில் B. 93 என்பது ஐந்து பதினாறும் மிச்சம் பதின்மூன்றும், அதாவது 5D. 8 என்பது 8. மூன்றையும் ஒட்டினால் B5D8, முன்னால் # சேர்த்தால் #B5D8. வரவேண்டியதோ #0B5D08. இரண்டு சைபர்கள் காணாமல் போய்விட்டன.

"முன்னால் இருக்கும் சைபருக்கு மதிப்பு கிடையாதே, சார்" என்றான் பையன். என்னை அதிகம் எரிச்சலூட்டுவது இந்த வாக்கியம்தான், ஆகவே கொஞ்சம் நின்று சொல்கிறேன். பள்ளியில் படித்தது சரிதான். 08 ரூபாயும் 8 ரூபாயும் ஒன்றுதான். ஆனால் #0B5D08 என்பது ஓர் எண் அல்ல. இரண்டிரண்டு இலக்க அகலமுள்ள மூன்று எண்கள் இடைவெளி இல்லாமல், காற்புள்ளி இல்லாமல் ஒட்டி நிற்கின்றன. 11, 93, 8 என்று எழுதும்போது காற்புள்ளி எல்லை காட்டுகிறது. ஹெக்ஸில் காற்புள்ளியின் வேலையைச் செய்வது அந்த அகலம்தான். அது குலைந்தால் எது சிவப்பு, எது பச்சை என்று யாராலும் சொல்ல முடியாது. B5D8 என்பதை மட்டும் பார்த்துவிட்டு அது 0B, 5D, 08 என்று கண்டுபிடித்துவிடுங்கள் பார்க்கலாம். B5, 0D, 08 ஆகவும் இருக்கலாம், 0B, 05, D8 ஆகவும் இருக்கலாம்.

இதைப் புரிந்துகொள்ளாமல், ஆறு இலக்கம் ஆகும் வரை முன்னால் சைபர் சேர்த்துச் 'சரிசெய்கிறவர்கள்' இருக்கிறார்கள். #00B5D8 என்று எழுதினால் 0, 181, 216, அது வானநீலம். பின்னால் சேர்த்து #B5D800 ஆக்கினால் 181, 216, 0. மஞ்சள் கலந்த இளம்பச்சை. கடைக்காரர் கேட்ட பச்சை இரண்டிலும் இல்லை. தொலைந்த சைபரை யூகித்துச் சேர்க்காதீர்கள். மூல எண்கள் மூன்றையும் தேடி எடுத்து மறுபடி மாற்றுங்கள், வேறு வழி இல்லை.

சரி, பச்சை ஏன் கத்திரிப்பூ நிறமானது? நான்கு இலக்கக் குறியீட்டை உலாவிகள் பிழை என்று ஒதுக்கித்தள்ளிய காலம் ஒன்று இருந்தது. இப்போது அது முறையான குறியீடு. நான்காவது இலக்கம் நிறம் எவ்வளவு ஊடுருவித் தெரியவேண்டும் என்பதைச் சொல்கிறது. ஒவ்வொரு இலக்கத்தையும் உலாவி இரட்டித்துக்கொள்ளும். ஆக #B5D8 என்பது BB, 55, DD, 88: சிவப்பு 187, பச்சை 85, நீலம் 221, நிறத்தின் அழுத்தம் பாதியை ஒட்டி. வெள்ளைப் பின்னணியின் மேல் அது ஏறக்குறைய 219, 164, 237 ஆகத் தெரியும். அதன்மேல் வெள்ளை எழுத்து எப்படித் தெரியும்? உலாவியில் பிழைச் செய்தி எதுவும் வராது, அதன் கணக்கில் எல்லாம் சரி.

ஒரு சைபர் மட்டும் தொலைந்தால் ஐந்து இலக்கம் வரும். அது செல்லாத குறியீடு, உலாவி அந்த வரியையே கண்டுகொள்ளாது. பொத்தானுக்கு நிறமே இல்லாமல் போகும் அல்லது முன்பு எழுதிய வேறு நிறம் எட்டிப்பார்க்கும். பார்த்தவுடன் தெரிந்துவிடும் என்பதால் இது எனக்குப் பரவாயில்லை. மூன்று சைபரும் தொலைந்தால்தான் மோசம். கிட்டத்தட்டக் கறுப்பான 11, 9, 8 என்ற நிறம் #B98 ஆகி, இரட்டித்து 187, 153, 136 என்ற வெளிர்பழுப்பாக வந்து நிற்கும்.

"நான் சோதித்துப் பார்த்தேன், கறுப்பும் வெள்ளையும் அல்வாப் பழுப்பும் சரியாகத்தானே வந்தன" என்றான் பையன். வரத்தான் செய்யும். பழுப்பு 141, 73, 37. மூன்றுமே 16-க்கு மேல், ஆகவே 8D4925 என்று ஒழுங்காக வந்தது. வெள்ளையும் அப்படியே, FFFFFF. கறுப்பு 0, 0, 0 தப்பான சூத்திரத்தில் #000 ஆகிறது. உலாவி அதை இரட்டித்து #000000 என்று படிக்கிறது. சூத்திரம் தப்பு, விடை சரி. மூன்று எண்களில் ஏதாவது ஒன்று 16-க்குக் கீழே இருந்தால்தான் இந்தக் கோளாறு வெளிப்படும். அடர்ந்த நிறங்களில் அப்படி எண்கள் சாதாரணம். பாய்க்கடைக்கும் பட்டுக்கடைக்கும் பிடித்தவை அந்த நிறங்கள்தாம்.

சூத்திரத்தைத் திருத்துவது சின்ன வேலை. இரண்டு இலக்கம் வேண்டும் என்று வெளிப்படையாகக் கேளுங்கள்:

```
="#"&DEC2HEX(A2,2)&DEC2HEX(B2,2)&DEC2HEX(C2,2)
```

ஜாவாஸ்கிரிப்டில் எழுதுகிறவர்களுக்கு:

```
n.toString(16).padStart(2, "0")
```

முன்னால் # போடச் சொன்னதற்கும் காரணம் உண்டு. # இல்லாமல் 000080 என்று எக்செல் கட்டத்தில் தட்டினால் அது 80 ஆகிவிடும். 800E10 என்று தட்டினால் E-யை அடுக்குக்குறி என்று எடுத்துக்கொண்டு 8.00E+12 என்று காட்டும். # இருந்தால் எழுத்தாகவே விட்டுவைக்கும்.

ஹெக்ஸில் இருந்து எண்களுக்குத் திரும்பும் வழியிலும் அதே அகலத்தைக் கவனியுங்கள். இரண்டிரண்டாக வெட்டுங்கள், முதல் இலக்கத்தைப் பதினாறால் பெருக்கி இரண்டாவதைக் கூட்டுங்கள். எழுத்தே இல்லாத #804020 போன்ற குறியீட்டைப் பார்த்து 80, 40, 20 என்று எழுதிவிடுகிறவர்கள் ஏராளம். அது 128, 64, 32. பட்டியலில் #0A8 போன்ற சுருக்கம் இருந்தால் முதலில் #00AA88 என்று விரித்துக்கொள்ளுங்கள். #00A080 அல்ல.

பட்டியல் நீளமென்றால், மாற்றிய ஹெக்ஸ் ஒவ்வொன்றும் # நீங்கலாக ஆறு இலக்கம் இருக்கிறதா என்று எக்செல்லின் LEN கொண்டு எண்ணிப் பாருங்கள். ஊடுருவும் நிறம் வேண்டுமென்று நீங்களே நான்கோ எட்டோ இலக்கம் எழுதியிருந்தால் அதைத் தனியாகக் குறித்து வையுங்கள். பிறகு அவற்றை மறுபடி எண்களாக்கி, அச்சகம் தந்த மூலத்தோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள்.

புதிதாக ஏதாவது மாற்றுக் கருவியோ சூத்திரமோ கைக்கு வந்தால், கறுப்பையும் வெள்ளையையும் வைத்துச் சோதிக்காதீர்கள். 1, 2, 3 என்று கொடுங்கள். #010203 வரவேண்டும். #123 வந்தால் அந்தக் கருவியை மூடிவிடுங்கள், உலாவி அதை 17, 34, 51 என்றுதான் படிக்கும்.